சமையல் வாரமும் இரவு வாரமும்

பஸ் டெப்போவில் அவனுக்கு வைத்த பெயர் கட்டம். யார் எந்த வண்டியை எந்த நாள் எந்த நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதித் தகவல் பலகையில் ஒட்டுவது அவன் வேலை. டிரைவர்கள் வந்து பலகையைப் பார்த்துவிட்டு அவன் ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள்.

"என்னப்பா கட்டம், எனக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி ரூட்டா? எனக்கு உன்கூட ஏதாவது பழைய பகை இருக்கா?"

"போன வாரம் காலேஜ் ரூட் ஓட்டினப்ப இந்தக் கேள்வியக் கேக்கலியே அண்ணே."

"அது ஜாலி ரூட்டுப்பா. அதுக்கு எதுக்குக் கேள்வி?"

அவன் சிரிக்க மாட்டான். ஸ்கேலையும் பென்சிலையும் கீழே வைத்துவிட்டு, அந்த டிரைவருக்கு மூன்று மாதங்களாக வந்த ரூட்டுகளை வரிசையாகச் சொல்லுவான். கேட்டவர் பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இந்த வேலையை அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. டிக்கெட் கட்டுகளை எண்ணிக் கொடுக்கும் வேலைக்குத்தான் வந்தான். பலகையில் தொங்கிய சார்ட்டில் ஒருவருக்கே இரண்டு வண்டி போட்டிருந்ததைப் பார்த்து, சும்மா இருக்க முடியாமல், ஒரு காகிதத்தில் சரியாகப் போட்டுக் காட்டினான். அதிலிருந்து அது அவன் தலையில் விழுந்தது. விழுந்ததை அவன் இறக்கி வைக்க ஆசைப்படவும் இல்லை.

அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு வண்டியின் நேரம் பத்து நிமிடம் மாறினாலும் பழைய சார்ட்டில் அடித்து எழுத மாட்டான். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுவான். "ஒட்டுப் போட்ட சட்டையில ஒட்டு மட்டும்தான் புதுசு, மத்த இடம் எப்ப கிழியும்னு தெரியாது" என்பான். டிரைவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் அவன் வந்த பிறகு பலகை முன்னால் சண்டை குறைந்ததை அவர்களும் மறுக்கவில்லை.

கல்யாணமாகி அவனும் அவளும் வாடகைக்கு எடுத்தது மூன்றாவது மாடி வீடு. ஒரு படுக்கையறை, இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நிற்க முடியாத சமையலறை, துணி காயப்போட மட்டுமே அகலம் உள்ள பால்கனி. அவள் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். வார்டுகளிலிருந்து வரும் ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டி, இயந்திரத்தில் வைத்து, முடிவை எழுதி அனுப்புவது வேலை. அங்கே ஒரு குழாயின் பெயர் மாறினால் ஒரு ஆளின் கதை மாறிவிடும். அதனால் அவளும் கணக்காக இருப்பவள்தான். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே வீட்டில் குடிவந்திருக்கிறார்கள் என்று அவனுடைய அண்ணி கிண்டல் செய்தாள்.

குடிவந்த முதல் வாரத்திலேயே, தரையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, இருவரும் பேசி ஒரு சார்ட் போட்டார்கள்.

பணம் முதலில். இருவருக்கும் ஒரே சம்பளம் இல்லை. அவரவர் சம்பளத்தில் ஒரே பங்கை, மாதம் பிறந்ததும், ஒரு பொதுக் கணக்கில் போட்டுவிட வேண்டும். வாடகை, கரண்ட், கேஸ், தண்ணீர் கேன், இன்டர்நெட், மாடிப்படி விளக்குக்கும் துப்புரவுக்கும் தரும் பராமரிப்புத் தொகை எல்லாம் அதிலிருந்து போகும். பணம் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கடைசித் தேதிக்குள் கட்ட ஒரு ஆள் வேண்டும். அதற்கு மாதம் ஒருவர். ஒற்றைப்படை மாதம் அவன், இரட்டைப்படை மாதம் அவள்.

பிறகு வேலை. சமையலறை ஒரு பக்கம்: இரண்டு வேளைச் சமையல், மறுநாளுக்கு டப்பா கட்டுவது, பாத்திரம், அடுப்பு. மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்: பெருக்கித் துடைப்பது, துணி, குளியலறை, குப்பை, கடை. ஒரு வாரம் ஒருவருக்குச் சமையலறை என்றால் மற்றவருக்கு மீதி. அடுத்த வாரம் மாறும்.

கடைசியில் ஒரு விதி எழுதினார்கள். அதைச் சொன்னது அவள்.

"உதவி கிடையாது."

"அப்படின்னா?"

"உன் வேலைய நான் செய்யக் கூடாது, என் வேலைய நீ செய்யக் கூடாது. வேணும்னா மாத்திக்கலாம். இன்னிக்கு நீ, நாளைக்கு நான். ஆனா சும்மா வந்து உதவி பண்றேன்னு நிக்கக் கூடாது."

"பண்ணினா என்ன தப்பு?"

"எங்க அப்பா இருபத்தஞ்சு வருஷமா எங்க அம்மாவுக்கு உதவி பண்றாரு. மாசத்துல ஒரு நாள் காய் நறுக்குவாரு. அன்னிக்கு ஊருக்கே போன் போட்டுச் சொல்லுவாரு. உதவின்னு சொன்னாலே அந்த வேலை அம்மாவோடதுன்னு ஆயிடுது, இல்லியா?"

அவனுக்கு அது பிடித்திருந்தது. அவன் வீட்டில் அண்ணனும் அண்ணியும் சண்டை போடும்போதெல்லாம் "நான் உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்ற பேச்சுதான் வரும். இங்கே யாரும் யாருக்கும் செய்யப் போவதில்லை. அவரவர் கட்டத்தில் அவரவர் வேலை. முடித்தால் ஒரு டிக். சார்ட் பிரிட்ஜ் கதவில் ஏறியது.

முதல் வருடம் அது நன்றாகவே ஓடியது. அவளுக்கு அப்போது காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு ஒன்றாக மாறும் ஷிப்ட். சில வாரம் கஷ்டம், சில வாரம் லேசு. அவனுடைய டப்பாவைத் திறந்து பார்த்து டெப்போவில் "இந்த வாரம் உன் கையா, வீட்ல கையா?" என்று கேட்பார்கள். வாசனையிலேயே சொல்லிவிடலாம் என்பது அவர்களுடைய பந்தயம். பெரும்பாலும் ஜெயித்தார்கள்.

இரண்டாம் வருட நடுவில் மருத்துவமனை ஷிப்டை மாற்றியது. ஆள் போதவில்லை. இனிமேல் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அவள் வந்து சொன்னபோது அவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். "ஐயோ, பன்னெண்டு மணி நேரமா?" என்றான். சம்பளம் கூடுமா என்று கேட்டான். கொஞ்சம் கூடும் என்றாள். கூடியதற்கு ஏற்ப அவள் போட வேண்டிய தொகையை அவளே திருத்தி எழுதினாள். அவன் அதைச் சரிபார்த்தான். சார்ட்டில் அன்று நடந்த மாற்றம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. அவள் இரவு வாரத்தில் காலையில் வந்து, அவன் போய்விட்ட வீட்டில், முந்தின நாள் பாத்திரத்தைத் துலக்கிவிட்டுப் படுப்பாள். மாலை எழுந்து, சமைத்து, அவனுக்கு ராத்திரிக்கும் மறுநாளுக்கும் எடுத்து வைத்துவிட்டு, தன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அவள் வெங்காயம் நறுக்கும்போது அவன் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பான். சில நாள் கண்ணை மூடிக்கொண்டே நறுக்குவாள். அவனுக்குத் தெரியும். எழுந்து போய்க் கத்தியை வாங்க வேண்டும் என்று கை பரபரக்கும். விதி நினைவுக்கு வரும். போனால் திட்டுவாள் என்று நினைத்துக்கொள்வான். மடித்த துணியையே மறுபடியும் மடிப்பான்.

அவளுடைய கட்டங்களில் டிக் விழாமல் சில இடங்கள் காலியாகத் தெரிந்தன. அடுப்பு துடைக்கவில்லை. டப்பா கட்டவில்லை, அவன் கடையில் சாப்பிட்டுக்கொண்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே பெரிய மனசு என்று நினைத்தான். அவளோ அவன் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் இருக்கில்ல, அதுல ஒரு ரூம் காலியாகுது. லேப்ல எனக்குத் தர்றேன்னு சொல்றாங்க. மாசக் கடைசிக்குள்ள சாவிய வாங்கிக்கணும், இல்ல வேணாம்னு சொல்லணும்."

"குவார்ட்டர்ஸா? நமக்கா?"

"எனக்கு. ஒரு ஆள் ரூம்தான் அது."

அவன் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான். "நீ அங்க இருப்பியா?"

"தூங்கணும்ப்பா. டியூட்டி முடிஞ்சதும் படியிறங்கிப் போய்ப் படுத்துடலாம். சாப்பாடு மெஸ்ல. எதையும் யோசிக்க வேண்டியதில்ல."

"வாரக் கடைசியில வருவியா?"

"வருவேன்னுதான் நெனைக்கிறேன்." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "இன்னும் முடிவு பண்ணல."

அவனுக்கு அது புரிந்தது. அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மறுநாள் ஆறிவிடும். அவள் களைப்பில் சொல்கிறாள். போனால் முதல் வாரம் வருவாள். அடுத்த வாரம் துணி எடுக்க வருவாள். பிறகு இந்த வீட்டுக்கு அவள் விருந்தாளி. டெப்போவில் குடும்பத்தை விட்டுத் தனியாகத் தங்கும் ஆட்களுக்கு அவனே விடுமுறை போட்டுக் கொடுத்திருக்கிறான். விடுமுறை எப்படிச் சுருங்கும் என்று அவனுக்குத் தெரியும். போகாதே என்று சொல்லலாம். ஆனால் தூங்கணும் என்று சொல்கிறவளிடம் தூங்காதே என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நடுவேதான் கரண்ட் போனது.

அது அவளுடைய இரவு வாரம். அவன் வேலை முடிந்து வந்தபோது கீழ்வீட்டுத் தையல்கார அக்கா தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டு வெளிச்சத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்க வீட்டு ஃபியூஸைப் புடுங்கிட்டுப் போயிட்டான் லைன்மேன். பில் கட்டலியாம். நான் சொன்னேன், மேல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, கொஞ்சம் பொறுய்யான்னு. கேட்டாத்தானே?"

"எங்களுதா? இருக்காதுக்கா."

"பின்ன என் வீட்டுக்கா வந்து புடுங்கினான்? போய்ப் பாரு, அந்தப் புள்ள பாவம், பகல் முழுக்க ஃபேன் இல்லாம கெடந்திருக்கும்."

மேலே கதவு திறந்தே இருந்தது. அவள் கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. சமையல் ஆகவில்லை.

"கட்டிட்டேன் இப்பதான்" என்றாள். "மறுபடி இணைக்கிறதுக்குத் தனியா காசு கேட்டுச்சு, அதையும் கட்டிட்டேன். ராத்திரிக்குள்ள வந்து போட்டுடுவாங்களாம்."

"கடைசித் தேதி எப்ப முடிஞ்சிது?"

"போன வாரம்."

"மெசேஜ் வரலியா?"

"அது ஓனர் நம்பருக்குப் போகும். மறந்துட்டியா? மீட்டர் அட்டையப் பாத்துத்தான் நாம கட்டுறது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தடவ போன எடுத்தேன். எடுத்த கையோட தூங்கிட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். "சார்ட்லதான் இருக்கே" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். "ஆமாம், இருக்கு. எப்பவும் என் மாசத்துலதான் இருக்கு."

"மாசம் மாத்தித்தானே போட்டிருக்கோம்? ஒனக்கு ஆறு, எனக்கு ஆறு."

"கரண்ட் பில் எனக்கு ஆறு. ஒனக்கு எத்தன? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கரண்ட் பில் கட்டின ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

அவன் யோசித்தான். வாடகை கட்டியது நினைவிருந்தது. இன்டர்நெட், கேஸ், பராமரிப்பு. கரண்ட் பில்?

"பட்டுனு சொல்லிட்டியே, சார்ட்ல இருக்குன்னு" என்று அவள் எழுந்தாள். "நான் குளிச்சிட்டுக் கெளம்பறேன். இன்னிக்குச் சமையல் இல்ல. காலிக் கட்டம் ஒண்ணு கூட எழுதிக்கோ."

அவள் போன பிறகு அவன் இருட்டும் வெளிச்சமும் இல்லாத கூடத்தில் உட்கார்ந்திருந்தான். மீட்டர் எடுக்க ஆள் வருவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இவர்களில் ஒருவருடைய முறை திரும்பி வருவதும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. குடிவந்த பிறகு முதல் மீட்டர் அவளுடைய மாதத்தில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அது அவள் மாதத்தை விட்டு நகரவே வழியில்லை.

இது டெப்போவில் அவனுக்குப் பாலபாடம். ஒரு டிரைவரின் வார ஓய்வும் ரூட் மாறும் சுற்றும் ஒரே நீளமாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருவருக்கே எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சந்தை ரூட் வரும். எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் சமமாகத்தான் இருக்கும், ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அதனால் அவன் சுற்றில் வேண்டுமென்றே ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்பான், ஒட்டாமல் நழுவட்டும் என்று. அந்த வரியைப் பற்றி மேலாளரிடம் பெருமையாக விளக்கியும் இருக்கிறான்.

அப்போது கீழே சத்தம் கேட்டு, கூடத்து விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பிரிட்ஜ் முனகியது. அவன் எழுந்து அதன் எதிரே போய் நின்றான்.

ஒட்டிக்கொண்டது கரண்ட் பில் மட்டும்தானா என்ற சந்தேகம் அப்போது வந்தது. அவளுடைய டியூட்டி லிஸ்ட் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. அதை எடுத்துவந்து சார்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தான். இரவு வாரம், சமையல் வாரம். பகல் வாரம், மீதி. இரவு, சமையல். பகல், மீதி. ஷிப்ட் மாறிய நாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பழைய மூன்று வார ஷிப்டோடு இரண்டு வாரச் சார்ட் ஒட்டாமல் நழுவிக்கொண்டிருந்தது, அதனால் முதல் வருடம் நன்றாக ஓடியது. அது அவன் திறமை என்று நினைத்திருந்தான். அது தற்செயல்.

பத்து நிமிடம் மாறினால் கிழிக்கிறவன், அவளுக்கு நாலு மணி நேரம் கூடியபோது அவள் போடும் தொகையை மட்டும் சரிபார்த்திருக்கிறான்.

காலையில் அவன் டெப்போவுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே இரண்டு காகிதத்தையும் காட்டினான். சொல்ல வேண்டியதை ராத்திரியே மனதில் அடுக்கி வைத்திருந்தான். சுற்று, ஒட்டுவது, நழுவுவது எல்லாம் சொன்னான்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள். காகிதங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள் மெதுவாக. "நைட் டியூட்டிதான் என்னைக் கொல்லுதுன்னு நெனச்சேன்."

"என் தப்பு. நான்தான் மாத்திப் போட்டிருக்கணும்."

"சரி."

"இன்னிக்கே வேற போட்டுடறேன். ஒரு வாரத்தத் தள்ளி வெச்சா போதும், எல்லாம் சரியாயிடும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாம் சரியாயிடுமா?"

அவன் காகிதங்களை மடித்தான்.

"இது கணக்குத் தப்பு. கணக்குத் தப்பு எங்க லேப்லகூட வரும், திருத்திக்கலாம். நான் கண்ண மூடிட்டு வெங்காயம் நறுக்கினேனே, அத நீ பாத்துட்டுத்தானே இருந்த? அதுக்கு எந்தச் சார்ட்டப்பா பாக்கணும்?"

"உதவி கூடாதுன்னு நீதானே..."

"நான்தான் சொன்னேன். எங்க அப்பாவ நெனச்சு சொன்னேன். நீயும் எங்க அப்பாவும் ஒண்ணா?" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "என் மேலயும் இருக்கு. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா தோத்த மாதிரின்னு இருந்துட்டேன். மாத்திக்கலாம்னு நாமதானே எழுதினோம்? இத்தன மாசத்துல ஒரு தடவகூட ரெண்டு பேரும் மாத்திக்கல பாத்தியா."

அவன் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக் கொக்கியில் மாட்டினான். அது யார் கட்டத்திலும் இல்லாத வேலை. பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

"அது என் வாரம்" என்றாள் அவள், பழக்கத்தில்.

"போய்ப் படு."

அவள் எழுந்து சமையலறை வாசல் வரை வந்தாள். பிறகு, "அடி பிடிச்ச பாத்திரத்த ஊற வெச்சுத் தேய், சுரண்டாத" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

புதிய சார்ட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். இந்த முறை பென்சில் அவளிடம் இருந்தது. அவன் ஸ்கேலை நீட்டியபோது வேண்டாம் என்றாள். கோடு கோணலாகத்தான் வந்தது. அவன் ஸ்கேலைக் கீழே வைத்தான்.

மாதத்தின்படி பில் பிரிப்பதை எடுத்துவிட்டார்கள். பில்லுக்குப் பில் ஆள். கரண்ட் அவனுடையது, மெசேஜ் அவன் நம்பருக்கு வரும்படி ஓனரிடம் சொல்லி மாற்றவும் வேண்டும். வாடகையும் இன்டர்நெட்டும் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி செய்வது அவள். கேஸும் தண்ணீர் கேனும் தீரும்போது யார் பார்க்கிறார்களோ அவர்கள். பராமரிப்புத் தொகையை வாங்க ஆள் வரும்போது வீட்டில் இருப்பவர்.

வேலைக்கு வாரக் கணக்கே இல்லை. மருத்துவமனை டியூட்டி லிஸ்ட் வந்ததும் அதைப் பார்த்துத்தான் சார்ட். இரவு வாரத்தில் சமையலறை முழுதும் அவன், பெரிய வேலைகளும் அவன். அவளுக்குச் சின்னதாக இரண்டு மூன்று மட்டும்.

"அப்ப சமமா வராதே" என்றான். வாய் சும்மா இருக்கவில்லை.

"பகல் வாரத்துல நான் ரெண்டு நாள் கூடச் சமைக்கிறேன். அதுக்கு மேல வரலன்னா வர வேணாம். ஒனக்கு டெப்போல காலேஜ் லீவு வந்தா வேலை கொறையுது, எனக்குக் காய்ச்சல் சீசன் வந்தா கூடுது. இதுக்கெல்லாம் எத்தன கட்டம் போடுவ?"

டிக் போடும் வரிசையே இல்லை. அவன் அதைத் தேடினான். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

உதவி பற்றிய விதிக்கு வந்தபோது அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். அதை எடுத்துவிட்டால் அவள் பயந்தது வந்துவிடுமோ என்று அவளுக்கு இருந்தது. வைத்திருந்தால் என்ன வரும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. கடைசியில் அவள் எழுதியது இது: "முடியலன்னா சொல்லணும். சொல்லாட்டியும் தெரிஞ்சா கேக்கணும்."

"இது விதி மாதிரி இல்லியே" என்றான்.

"இல்லதான்."

குவார்ட்டர்ஸ் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாதம் முடிய இன்னும் ஒரு இரவு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில் அவன் தினமும் சமைத்தான். மாலையில் அவள் எழுந்து வரும்போது டப்பா கட்டித் தயாராக இருக்கும். ஒரு நாள் சாதம் குழைந்தது, ஒரு நாள் காயில் உப்பே இல்லை. டெப்போவில் பந்தயக்காரர்கள் குழம்பினார்கள். "என்னப்பா, இது வீட்ல கை வாரமாச்சே, மூணு நாளா உன் கையாவே இருக்கு? வீட்ல ஊர்ல இல்லியா?"

"வீட்லதான் இருக்காங்க. தூங்குறாங்க."

"குடுத்து வெச்சவங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் அவன் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "சாப்பிடறதுல குடுத்து வைக்கலியே" என்றார். அவனும் சிரித்தான்.

வாரத்தின் கடைசி நாள் அவனுக்கு ஓய்வு. அவள் காலையில் வந்து படுத்துவிட்டாள். படுக்கையறை ஜன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மிக்ஸி சத்தம் கேட்கும் என்று அவன் காயைக் கையாலேயே நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் தூங்கும்போது போனைச் சமையலறையில் வைத்துவிடுவது புதுப் பழக்கம். அது மேடைமேல் அதிர ஆரம்பித்தது. மருத்துவமனை என்று காட்டியது. அவசரமாக இருக்குமோ என்று எடுத்தான்.

"லேப் மேடம் இருக்காங்களா? குவார்ட்டர்ஸ் ஆபீஸ்லருந்து பேசறோம். சாவி இன்னும் வாங்கல. ஆள் லைன்ல நிக்குது. வேணுமா வேணாமா, இன்னிக்குச் சொல்லிடணும்."

அவன் படுக்கையறைக் கதவைப் பார்த்தான். "அவங்க தூங்குறாங்க."

"நீங்க யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமாம்."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன் சார். வேணாம்தானே? குடும்பம் இங்கயே இருக்கும்போது எதுக்கு அது? வேணாம்னு போட்டுக்கவா?"

ஒரே ஒரு சொல் போதும். அவர் எழுதிக்கொள்வார், ரூம் வேறு ஆளுக்குப் போகும், அவள் எழும்போது கேள்வியே இருக்காது. அவள் கோபித்துக்கொண்டாலும் இங்கேயே இருந்து கோபித்துக்கொள்வாள். அவன் நாக்கு நுனியில் அது வந்து நின்றது.

"இல்ல சார், நீங்க எதுவும் போட வேணாம். அவங்க எழுந்ததும் அவங்களே பேசுவாங்க. ஆபீஸ் எத்தன மணி வரைக்கும்?"

"அஞ்சு. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

போனை வைத்தான். எழுப்பலாமா என்று இரண்டு முறை கதவு வரை போனான். சாதாரணமாக எழும் நேரத்துக்கும் ஐந்து மணிக்கும் நடுவே கொஞ்ச நேரம் இருந்தது. திரும்பி வந்து காயை அடுப்பில் போட்டான்.

அவள் நாலரைக்கு எழுந்து வந்தாள். கண் வீங்கவில்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு இருந்தது. அவன் போனை நீட்டினான்.

"குவார்ட்டர்ஸ்லருந்து கூப்பிட்டாங்க. அஞ்சுக்குள்ள சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"தூங்குறன்னு சொன்னேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. என்னையே சொல்லச் சொன்னாங்க. நீ பேசுவன்னு சொல்லிட்டேன்."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் கரண்டியைப் பிடித்திருந்த விதம் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். காய்ந்த துணிகளுக்கு நடுவே நின்று பேசினாள். தெருவில் போன வண்டிச் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"அடுத்த ஆளுக்குக் குடுத்துடுங்க சார். இல்ல, நானே யோசிச்சுத்தான் சொல்றேன். ஆமாம். கையெழுத்து நாளைக்கு வந்து போடறேன்."

உள்ளே வந்து போனை மேடைமேல் வைத்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

"இந்த வாரம் தூங்கினேன்" என்றாள் அவளாகவே. "அடுத்த நைட் வாரம் எப்படி இருக்குன்னு பாப்போம். அந்த ரூம் போனா இன்னொரு ரூம் காலியாகாமலா இருக்கும்?"

"ஆகும்" என்றான்.

அவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். உப்பு டப்பாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் குளிக்கப் போனாள்.